உலகக் குறைந்தபட்ச வரி: மாணவர்கள் கேட்டுக்கொண்டே இருக்கும் கேள்விகள்

1. இனிமேல் எல்லா நிறுவனங்களும் எல்லா நாடுகளிலும் 15 சதவீதம் வரி கட்டியாக வேண்டும் என்கிறார்களே, அப்படித்தானா?

இல்லை. நிதி படிக்கும் மாணவர்களுக்கு மாலை வகுப்பு எடுக்கத் தொடங்கியதிலிருந்து நான் அதிகம் கேட்ட கேள்வி இதுதான். மற்ற குழப்பங்கள் பலவும் இங்கிருந்தே கிளைக்கின்றன. எந்த நாட்டின் வரி விகிதத்தையும் இந்த விதி மாற்றவில்லை. ஹங்கேரியில் நிறுவன வரி இன்றும் 9 சதவீதம்தான். அயர்லாந்தில் வியாபார லாபத்துக்கு 12.5 சதவீதம்தான்.

விதி கேட்பது வேறு. ஒரு பெரிய பன்னாட்டுக் குழுமம் ஒரு நாட்டில் சம்பாதித்த லாபத்துக்கு அங்கே உண்மையில் எவ்வளவு வரி கட்டியது என்று பார்க்கிறது. அது 15 சதவீதத்துக்குக் குறைந்தால், குறைந்த அளவை மட்டும் யாராவது ஒரு நாடு வசூலித்துக்கொள்ளலாம். இதை டாப்-அப் வரி என்கிறோம். பானையில் தண்ணீர் எவ்வளவு குறைகிறதோ அவ்வளவுதான் ஊற்றுவார்கள். புதிதாக ஒரு பானை வைப்பதில்லை.

2. எவ்வளவு பெரிய நிறுவனம் என்றால் இதற்குள் வரும்? திருப்பூர் ஏற்றுமதியாளரும் வருவாரா?

குழுமத்தின் ஒருங்கிணைந்த ஆண்டு விற்பனை வருவாய் 75 கோடி யூரோ அல்லது அதற்கு மேல் இருக்க வேண்டும். முந்தைய நான்கு ஆண்டுகளில் குறைந்தது இரண்டு ஆண்டுகள் அந்த அளவைத் தொட்டிருக்க வேண்டும். கவனியுங்கள், இது லாபமல்ல, வருவாய். அதுவும் ஒரு கிளையின் வருவாயல்ல, தாய் நிறுவனம் முதல் கடைசித் துணை நிறுவனம் வரை சேர்த்த மொத்தம். ஒரே நாட்டுக்குள் மட்டும் இயங்கும் குழுமம் பன்னாட்டுக் குழுமம் ஆகாது. ஆகவே பெரும்பாலான ஏற்றுமதியாளர்கள் இதன் பக்கமே வர மாட்டார்கள்.

அரசு அமைப்புகள், இலாப நோக்கற்ற அமைப்புகள், ஓய்வூதிய நிதிகள் ஆகியவற்றுக்கு விலக்கு உண்டு. சர்வதேசக் கப்பல் போக்குவரத்து வருமானமும் கணக்கில் சேராது.

3. அயர்லாந்தில் 12.5 சதவீதம் என்றால் பாக்கி 2.5 சதவீதம். லாபத்தில் 2.5 சதவீதம் கட்டினால் கணக்கு முடிந்தது, இல்லையா?

கிட்டத்தட்ட முடிந்தது. ஆனால் அந்த "கிட்டத்தட்ட"வில்தான் விஷயம் இருக்கிறது. ஒரு கற்பனைக் குழுமத்தை எடுத்துக்கொள்வோம். தாய் நிறுவனம் ஜெர்மனியில், துணை நிறுவனம் டப்ளினில். 2024ஆம் ஆண்டில் டப்ளின் நிறுவனத்தின் லாபம் 10 கோடி யூரோ; கட்டிய வரி 1.25 கோடி யூரோ. வரியை லாபத்தால் வகுத்தால் உண்மை வரி விகிதம் 12.5 சதவீதம். பற்றாக்குறை 2.5 சதவீதம். வகுப்பில் ஒருவர் உடனே எழுந்து "25 லட்சம் யூரோ" என்று சொல்லிவிடுவார்.

அதற்கு முன் ஒரு கழிவு இருக்கிறது. அந்த நாட்டில் கொடுக்கும் சம்பளத்தில் ஒரு பங்கையும், அங்கே இருக்கும் கட்டடம், இயந்திரம் போன்ற தொட்டுணரக்கூடிய சொத்துகளின் புத்தக மதிப்பில் ஒரு பங்கையும் லாபத்திலிருந்து கழிக்க வேண்டும். 2024இல் அவை சம்பளத்துக்கு 9.8 சதவீதம், சொத்துக்கு 7.8 சதவீதம். ஆண்டுதோறும் குறைந்துகொண்டே வந்து 2033இல் இரண்டும் 5 சதவீதத்தில் நிற்கும். டப்ளினில் சம்பளம் 2 கோடி, சொத்து 3 கோடி என்று வைத்துக்கொள்ளுங்கள். கழிவு 19.6 லட்சமும் 23.4 லட்சமும், ஆக 43 லட்சம்.

10 கோடியில் 43 லட்சம் போனால் மிஞ்சுவது 9.57 கோடி. அதன் 2.5 சதவீதம் 23.925 லட்சம் யூரோ. இதுதான் டாப்-அப் வரி. வரிசையை மறந்துவிடாதீர்கள்: பற்றாக்குறை விகிதத்தைக் கண்டுபிடிக்கும்போது முழு லாபத்தால் வகுக்கிறோம், அந்த விகிதத்தால் பெருக்கும்போது கழிவு போன லாபத்தை எடுக்கிறோம். தேர்வில் மதிப்பெண் போவது பெரும்பாலும் இந்த இடத்தில்தான். கழிவை வகுக்கும் இடத்திலும் நுழைத்துவிடுகிறார்கள்.

4. சம்பளத்தையும் கட்டடத்தையும் எதற்குக் கழிக்கிறார்கள்? வரியைக் குறைக்கவா?

உண்மையான தொழிலையும் காகிதத்தில் நகர்த்திய லாபத்தையும் பிரித்துப் பார்ப்பதற்காக. மேலே கணக்கிட்ட அதே 10 கோடி லாபத்தை ஒரு பெரிய தொழிற்சாலை சம்பாதித்தது என்று வையுங்கள். சம்பளம் 4 கோடி, இயந்திரமும் கட்டடமும் 60 கோடி. கழிவு 5.072 கோடி ஆகிவிடும். டாப்-அப் வரி 12.32 லட்சமாகச் சுருங்கும். மாறாக, ஒரு காப்புரிமையை மட்டும் கையில் வைத்துக்கொண்டு ஆளும் இல்லாமல் ஆலையும் இல்லாமல் அதே லாபம் காட்டும் நிறுவனத்துக்குக் கழிவே இல்லை. முழு 25 லட்சமும் வரும். காப்புரிமை தொட்டுணரக்கூடிய சொத்தல்ல, அதனால் அதன் மதிப்பு எவ்வளவு இருந்தாலும் கழிவு கிடையாது.

சம்பளம் என்றால் ஊழியர் கையில் வாங்கும் தொகை மட்டுமல்ல. நிறுவனம் தன் பங்காகச் செலுத்தும் ஓய்வூதியத் தொகை, சமூகப் பாதுகாப்புத் தொகை எல்லாம் சேரும். நிறுவனத்தின் மேற்பார்வையில் அன்றாட வேலை செய்யும் ஒப்பந்தப் பணியாளர்களும் சேரலாம். ஒரு மாணவி பயிற்சிக்குப் போன இடத்திலிருந்து கொண்டுவந்த தாளில், வங்கிக்குப் போன நிகர சம்பளத்தை அப்படியே எடுத்துப் போட்டிருந்தார். வரி தேவைக்கு அதிகமாக வந்தது. அதற்கு நேரெதிரான பிழையும் உண்டு: கட்டடம் கட்டிய ஊழியர்களின் சம்பளத்தைச் சொத்தின் விலையில் சேர்த்துவிட்டு, சம்பளத்திலும் மறுபடி கணக்கிடுவது. இரட்டைக் கழிவுக்கு அனுமதியில்லை.

5. அந்த 23.925 லட்சம் யாருடைய கஜானாவுக்குப் போகும்? ஐ.நா. மாதிரி ஏதாவது உலக அமைப்பு வசூலிக்குமா?

எந்த உலக அமைப்பும் ஒரு யூரோகூட வசூலிப்பதில்லை. ஓஇசிடி என்ற பொருளாதார ஒத்துழைப்பு அமைப்பின் கீழ் நாடுகள் கூடி 2021 டிசம்பரில் மாதிரி விதிகளை வெளியிட்டன. அதை ஒவ்வொரு நாடும் தன் சொந்தச் சட்டமாக இயற்றிக்கொள்கிறது. ஐரோப்பிய ஒன்றியம் 2022 டிசம்பரில் தன் உறுப்பு நாடுகளுக்கு இதைக் கட்டாயமாக்கியது. அயர்லாந்தும் ஜெர்மனியும் 2024 முதல் நடைமுறைப்படுத்துகின்றன.

வசூலிக்கும் உரிமை வரிசையாக வரும். முதல் உரிமை லாபம் எழுந்த நாட்டுக்கே. அயர்லாந்து உள்நாட்டு டாப்-அப் வரி என்று ஒன்றை வைத்திருப்பதால் 23.925 லட்சமும் டப்ளினிலேயே நின்றுவிடும். அயர்லாந்து அப்படி ஒரு சட்டம் வைத்திராவிட்டால் தாய் நிறுவனம் இருக்கும் ஜெர்மனி அதை எடுத்துக்கொள்ளும். ஜெர்மனியிலும் சட்டம் இல்லை என்றால், குழுமம் இயங்கும் மற்ற நாடுகளில் சட்டம் இருப்பவை தங்களுக்குள் பிரித்துக்கொள்ளும்: பாதி ஊழியர் எண்ணிக்கைப்படி, பாதி தொட்டுணரக்கூடிய சொத்தின்படி. பாடப்புத்தகத்தில் இம்மூன்றையும் கியூடிஎம்டிடி, ஐஐஆர், யுடிபிஆர் என்று பார்ப்பீர்கள். எழுத்துகளை மனப்பாடம் செய்வதைவிட "விளைந்த நாடு, தாய் நாடு, மற்ற நாடுகள்" என்ற வரிசையை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

6. குறைந்த வரியை வைத்தே முதலீடு இழுத்த அயர்லாந்து ஏன் தானே வரியை உயர்த்திக்கொண்டது?

ஐந்தாம் பதிலில் உள்ள வரிசையை அயர்லாந்து நிதியமைச்சகத்தில் உட்கார்ந்திருப்பவரின் கண்ணோட்டத்தில் படித்துப் பாருங்கள். நான் வசூலிக்காவிட்டால் ஜெர்மனி வசூலிக்கும். நிறுவனத்துக்கு எப்படியும் அதே 23.925 லட்சம் செலவு. நான் விட்டுக்கொடுப்பதால் முதலீட்டாளருக்கு ஒரு நன்மையும் இல்லை. என் கஜானாவில் இருக்க வேண்டிய பணம் பெர்லினுக்குப் போகிறது, அவ்வளவுதான். இந்த நிலையில் யாரும் வசூலிக்கத்தான் செய்வார்கள்.

என் பார்வையில் இந்த ஏற்பாட்டின் உயிர்நாடியே இதுதான். "வரியை ஏற்று" என்று எந்த நாட்டையும் யாரும் வற்புறுத்தவில்லை. ஏற்றாமல் இருப்பதில் கிடைத்துவந்த லாபத்தை எடுத்துவிட்டார்கள். சிங்கப்பூரும் ஐக்கிய அரபு அமீரகமும் 2025 ஜனவரி முதல் தங்கள் உள்நாட்டு டாப்-அப் வரியைக் கொண்டுவந்ததற்கு இந்தக் கணக்குதான் காரணம்.

அயர்லாந்து எளிதில் சம்மதித்துவிடவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். 2021 ஜூலை அறிக்கையில் "குறைந்தது 15 சதவீதம்" என்றிருந்தது. பிறகு 20, 25 என்று ஏற்றிக்கொண்டே போவார்களோ என்ற அச்சம் டப்ளினுக்கு இருந்தது. "குறைந்தது" என்ற சொல் நீங்கிய பிறகுதான் அந்த ஆண்டு அக்டோபரில் சேர்ந்தது. 75 கோடி யூரோவுக்குக் கீழுள்ள நிறுவனங்களுக்கு அங்கே 12.5 சதவீதமே தொடர்கிறது.

7. அந்தக் குழுமம் ஜெர்மனியில் ஏறக்குறைய 30 சதவீதம் கட்டுகிறதே. சராசரி போட்டால் 15ஐத் தாண்டிவிடுமே?

தாண்டும், ஆனால் அந்தச் சராசரியை விதி ஏற்காது. கணக்கு நாட்டுக்கு நாடு தனித்தனி. ஜெர்மனியில் அதிகமாகக் கட்டியது டப்ளின் பற்றாக்குறையை நிரப்பாது. அப்படி அனுமதித்திருந்தால் அதிக வரி நாட்டில் தொழில் செய்யும் குழுமங்கள் லாபத்தில் ஒரு பகுதியை வரியே இல்லாத தீவுக்கு நகர்த்திவிட்டு, சராசரியைக் காட்டித் தப்பித்திருக்கும்.

ஒரே நாட்டுக்குள் மட்டும் சேர்த்துப் பார்க்கலாம். டப்ளினில் ஒரு நிறுவனம் 10 சதவீதமும் கார்க் நகரில் இன்னொன்று 25 சதவீதமும் கட்டினால், இரண்டின் லாபத்தையும் வரியையும் கூட்டித்தான் அயர்லாந்தின் விகிதம் வரும்.

8. எந்த லாபத்தை எடுப்பது? வரி ரிட்டர்னில் காட்டியதா, ஆண்டறிக்கையில் உள்ளதா?

ஆண்டறிக்கைப் பக்கம். தாய் நிறுவனம் ஒருங்கிணைந்த கணக்கு தயாரிக்கும் தரநிலைப்படி ஒவ்வொரு துணை நிறுவனத்துக்கும் வரும் புத்தக லாபம்தான் தொடக்கம். வரி ரிட்டர்ன் லாபத்தை எடுத்திருந்தால் ஒவ்வொரு நாடும் சலுகைகள் தந்து லாபத்தையே சுருக்கிக் காட்டிவிடும். விகிதம் எப்போதும் அழகாகத் தெரியும்.

புத்தக லாபத்தில் சில திருத்தங்கள் உண்டு. 10 சதவீதமோ அதற்கு மேலோ பங்கு வைத்திருக்கும் நிறுவனத்திலிருந்து வரும் ஈவுத்தொகையைக் கழித்துவிடுவார்கள். லஞ்சமாகக் கொடுத்ததையும், 50,000 யூரோவை எட்டும் அபராதங்களையும் செலவாக ஏற்காமல் திரும்பக் கூட்டுவார்கள். பட்டியல் இன்னும் நீளும், ஆனால் அடிப்படை புரிந்துகொள்ள இவை போதும்.

9. ஒரு நாடு இயந்திரத்துக்கு முதல் ஆண்டே முழுத் தேய்மானம் தருகிறது. அந்த ஆண்டு வரியே இல்லை. உடனே டாப்-அப் வரி வந்துவிடுமா?

வராது. அந்த வரி தள்ளிப்போயிருக்கிறதே தவிர மறைந்துவிடவில்லை. 1 கோடி யூரோ இயந்திரத்துக்குப் புத்தகத்தில் பத்து ஆண்டுகளில் தேய்மானம் எழுதுகிறோம். வரிக் கணக்கில் ஒரே ஆண்டில் எழுதிவிட்டோம். அடுத்த ஒன்பது ஆண்டுகளில் வரிக் கணக்கில் தேய்மானம் இல்லாததால் வரி கூடும். இந்த ஒத்திவைக்கப்பட்ட வரி, நீங்கள் கணக்கியல் தாளில் ஏற்கெனவே படித்தது, இங்கும் கட்டிய வரியோடு சேர்த்து எண்ணப்படும்.

இரண்டு வரம்புகள் உண்டு. அந்த நாட்டின் விகிதம் 17 சதவீதமாக இருந்தாலும் ஒத்திவைத்த வரியை 15 சதவீதத்துக்கு மேல் எண்ணக் கூடாது, 12.5 என்றால் 12.5 தான். மேலும், ஒத்திவைத்தது சில இனங்களில் ஐந்து ஆண்டுகளுக்குள் கட்டப்படாவிட்டால், அன்று எண்ணியதை ரத்து செய்து பழைய ஆண்டின் கணக்கைத் திரும்பப் போட வேண்டும். தொட்டுணரக்கூடிய சொத்துகளின் தேய்மானத்துக்கு இந்த ஐந்தாண்டுக் கெடு பொருந்தாது.

10. அப்படியானால் நாடுகள் தரும் வரிச் சலுகைகளுக்கு இனி அர்த்தமே இல்லையா?

வடிவத்தைப் பொறுத்தது. லாபம் 100, வரி 15, ஆராய்ச்சிக்கான சலுகை 3 என்று வைப்போம். சலுகை வரியில் கழித்துக்கொள்ள மட்டுமே என்றால், கட்டிய வரி 12. விகிதம் 12 சதவீதம். அதே 3ஐ, வரி இல்லாத ஆண்டிலும் நான்கு ஆண்டுகளுக்குள் அரசு ரொக்கமாகத் திருப்பித் தரும் என்று சட்டம் சொன்னால், அதை மானியம் போல வருமானமாகப் பார்க்கிறார்கள். வரி 15, லாபம் 103, விகிதம் 14.56 சதவீதம். நிறுவனத்தின் கைக்கு வருவது இரண்டிலும் அதே 3. அயர்லாந்து தன் ஆராய்ச்சிச் சலுகையை மூன்று தவணைகளில் திருப்பித் தரும்படி மாற்றியமைத்தது இந்த வேறுபாட்டுக்காகத்தான்.

முழு வரி விடுமுறைதான் அதிகம் அடிபடுகிறது. ஆறாம் பதிலில் சொன்னபடி, விட்டுக்கொடுத்த வரி வேறு நாட்டுக்குப் போய்ச் சேரும். மின்னணுத் தொழிற்சாலைகளுக்குத் தாராளமாக விடுமுறை தந்துவந்த வியட்நாம், 2024 முதல் உள்நாட்டு டாப்-அப் வரியை வைத்தது. அதோடு பெரிய முதலீட்டாளர்களுக்கு நேரடி ரொக்க உதவி தரும் நிதியம் ஒன்றையும் அமைத்தது. இங்கே எனக்கு ஒரு வருத்தம் உண்டு. ரொக்கம் கொடுத்து முதலீட்டை அழைக்கும் வலு பணக்கார நாடுகளுக்குத்தான் அதிகம். ஏழை நாட்டின் கையில் இருந்த ஒரே கருவி வரி விடுமுறை.

11. நூறு நாடுகளில் இயங்கும் குழுமம் நூறு முறை இந்தக் கணக்கைப் போட வேண்டுமா?

தொடக்க ஆண்டுகளுக்குச் சேஃப் ஹார்பர் என்ற தற்காலிக விலக்கு இருக்கிறது. இக்குழுமங்கள் நாடுவாரியான அறிக்கை ஒன்றை வரித்துறைக்கு ஏற்கெனவே கொடுத்து வருகின்றன. அதிலுள்ள எண்களை வைத்து எளிய விகிதம் போட்டு, 2024க்கு 15, 2025க்கு 16, 2026க்கு 17 சதவீதத்தை எட்டினால் அந்த நாட்டுக்கு முழுக் கணக்கு வேண்டாம். வருவாய் 1 கோடி யூரோவுக்கும் லாபம் 10 லட்சம் யூரோவுக்கும் குறைவான நாடுகளையும் விட்டுவிடலாம்.

ஒரு எச்சரிக்கை. ஒரு நாட்டுக்கு ஓர் ஆண்டு இந்த விலக்கு பொருந்தாமல் போனால் அடுத்த ஆண்டு அதே நாட்டுக்கு மீண்டும் கோர முடியாது. டப்ளின் நிறுவனம் 12.5 சதவீதத்தில் இருப்பதால் 2024லேயே வெளியே போய்விடும். 2025இல் ஏதோ காரணத்தால் 18 சதவீதம் வந்தாலும் முழுக் கணக்கைத் தவிர்க்க அது உதவாது.

12. அமெரிக்கா இதிலிருந்து விலகிவிட்டதே, பிறகு இதற்கு என்ன மதிப்பு?

2025 ஜனவரியில் அதிபர் டிரம்ப் இந்த உடன்பாடு அமெரிக்காவைக் கட்டுப்படுத்தாது என்று அறிவித்தார். ஜூனில் ஜி7 நாடுகள் ஒரு சமரசத்துக்கு வந்தன. 2026 ஜனவரியில் அது விரிவான ஏற்பாடாக வெளியானது. அமெரிக்கத் தாய் நிறுவனம் கொண்ட குழுமங்கள் மீது ஐந்தாம் பதிலில் சொன்ன இரண்டாம், மூன்றாம் வழிகளில் வரி விதிக்க மாட்டார்கள் என்பதே சாரம். அமெரிக்காவுக்குத் தன் சொந்தக் குறைந்தபட்ச வரி முறை இருப்பதைக் காரணமாகச் சொன்னார்கள்.

முதல் வழி அப்படியே நிற்கிறது. அமெரிக்கக் குழுமத்தின் டப்ளின் கிளை அயர்லாந்துக்கு டாப்-அப் வரி கட்டத்தான் வேண்டும். சலுகையின் பலன் தெரிவது உள்நாட்டு டாப்-அப் வரி இல்லாத நாடுகளில்தான். அங்கே அமெரிக்கக் குழுமத்துக்கு 15 சதவீதத் தளம் உறுதியில்லை. ஜெர்மானியக் குழுமத்துக்கு உண்டு. இந்தச் சமனின்மையை நான் நல்லதாகக் கருதவில்லை.

13. இந்தியாவில் இது நடைமுறையில் உள்ளதா?

2021 அக்டோபர் அறிக்கையில் இந்தியா சேர்ந்தது (இலங்கையும் பாகிஸ்தானும் சேரவில்லை), ஆனால் சட்டம் இயற்றவில்லை. சலுகை விகிதத்தைத் தேர்ந்த இந்திய நிறுவனங்களுக்கே கூடுவரி, செஸ் சேர்த்து 25 சதவீதத்துக்குச் சற்று மேல் வருகிறது. ஆகவே இங்கே பற்றாக்குறை எழுவது அரிது. வரி விடுமுறை பெறும் சிறப்புப் பொருளாதார மண்டல அலகுகள், கிஃப்ட் சிட்டி போன்ற இடங்களைத்தான் பார்க்க வேண்டும்.

சட்டம் இல்லை என்பதால் இந்தியக் குழுமங்களுக்கு வேலை இல்லை என்று எண்ணிவிடாதீர்கள். துபாயிலோ டப்ளினிலோ துணை நிறுவனம் வைத்திருக்கும் பெரிய இந்தியக் குழுமம் அந்தந்த நாட்டின் உள்நாட்டு டாப்-அப் வரிக்குள் வந்துவிட்டது. அதற்கான சம்பள, சொத்து விவரங்களை இந்தியாவில் உட்கார்ந்துதான் தொகுக்கிறார்கள்.

14. நேர்காணலில் ஒருவர், "நஷ்டமடைந்த நாட்டிலும் டாப்-அப் வரி வருமா?" என்று கேட்டார். வராது என்றேன். சரியா?

பெரும்பாலும் சரி, ஆனால் ஒரு விதிவிலக்கு இருக்கிறது. ஒரு நாட்டில் வரி விகிதம் 15 சதவீதம். புத்தகத்தில் நஷ்டம் 1 கோடி யூரோ. அந்த நாடு ஒரு செலவுக்கு உண்மையில் செலவழித்ததைவிட 2 கோடி கூடுதலாகக் கழிக்க விடுகிறது. வரிக் கணக்கில் நஷ்டம் 3 கோடி. இது ஒன்பதாம் பதிலில் பார்த்ததுபோல் தள்ளிப்போகும் வேறுபாடல்ல, நிரந்தரமானது.

3 கோடி நஷ்டத்தை முன்னெடுத்துச் சென்றால் வருங்காலத்தில் 45 லட்சம் வரி மிச்சமாகும். உண்மையான நஷ்டத்துக்கு நியாயமாகக் கிடைக்க வேண்டிய மிச்சம் 15 லட்சம்தான். எஞ்சிய 30 லட்சத்தை நஷ்ட ஆண்டிலேயே டாப்-அப் வரியாகக் கேட்கலாம். பின்னர் வந்த வழிகாட்டுதலில் ஒரு தளர்வு தந்தார்கள்: அந்த 30 லட்சத்தை அப்போதே கட்டாமல், லாபம் வரும் ஆண்டுக்கு எடுத்துச்சென்று அந்த ஆண்டில் கட்டிய வரியிலிருந்து கழித்துக் காட்டலாம். அப்போது அந்த ஆண்டின் விகிதம் குறைந்து, பற்றாக்குறை அங்கே வெளிப்படும்.